கைப்பிடி வேலைக்கு மெயில்: பட்ஜெட்டைச் சொல்லலாமா?

புதுமேஸ்திரி: நான்கு மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக் கைப்பிடி வேலையை மட்டும் சப் கான்ட்ராக்டரிடம் கொடுக்கிறேன். வேலை விவரம், பொருள், தேதி மூன்றையும் மெயிலில் எழுதிவிட்டேன், வரைபடமும் இணைத்தாயிற்று. பட்ஜெட்டையும் எழுதலாமா?

கணக்குப்பிள்ளை: எழுதவே எழுதாதீர்கள். நூறு என்று சொன்னால், எண்பதில் முடிகிற வேலைக்கும் தொண்ணூற்றெட்டு என்றுதான் விலை வரும்.

பழையசைட்: மூன்று பேரிடம் விலை கேட்பதானால் நீங்கள் சொல்வது சரி. ஒரே ஆளிடம் கொடுக்கும்போது தொகையை மறைத்தால், அவரே ஒன்றை ஊகித்துக்கொண்டு அதற்கேற்ற பொருளைப் போடுவார். நீங்கள் 304 ஸ்டீலை நினைத்திருப்பீர்கள், சைட்டில் 202 வந்து இறங்கும்.

கணக்குப்பிள்ளை: காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

பழையசைட்: தெரியாது சார். இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், ஈரம் படுகிற இடத்தில் துரு எட்டிப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். ‘நல்ல ஸ்டீல்’ என்று எழுதினால் அவர் வைத்ததுதான் சட்டம். ‘304, வெளிவிட்டம் 50.8 மி.மீ., கனம் 1.5 மி.மீ., ஆலையின் சோதனைச் சான்றிதழோடு’ என்று எழுதுங்கள்.

மாடிப்படி: எனக்கு ஒரு கான்ட்ராக்டர் ஏழு மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறார். மெயிலில் கேட்டால் செல்லுமா?

பழையசைட்: அது வேறு கதை அண்ணே, இங்கே வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

புதுமேஸ்திரி, பட்ஜெட்டை விட எனக்குத் தேதிதான் பயம். ‘20-ஆம் தேதிக்குள் டெலிவரி’ என்று ஒருமுறை எழுதினேன். 19-ஆம் தேதியே பைப் எல்லாம் சைட்டில் அடுக்கியிருந்தது. டெலிவரி ஆயிற்றே என்றார்! பொருத்தி, வெல்டிங்கைத் தேய்த்து, பாலிஷ் போட்டு முடிக்க இன்னும் இரண்டு வாரம். போதாக்குறைக்கு அளவெடுத்தது டைல் போடுவதற்கு முன்பு. கான்கிரீட்டிலிருந்து 900 மி.மீ. வைத்திருந்தார், கலவையும் டைலும் 50 மி.மீ. ஏறியதில் உயரம் 850 ஆகிவிட்டது. மெயிலில் ‘முடிந்த தளத்திலிருந்து’ என்று இரண்டு வார்த்தை இல்லாததால் வந்த வினை. டைலில் துளை போடுவது யார், உடைந்தால் மாற்றுவது யார் என்பதும் எழுதவில்லை. அந்தச் செலவு என் தலையில்.

இப்போதெல்லாம் ‘டைல் முடிந்து அளவு கொடுத்த நாளிலிருந்து 12 நாளில் பொருத்தி முடிக்க வேண்டும்’ என்றுதான் எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் டைல்காரர் தாமதித்தால் உங்கள் தேதியும் போச்சு. எனக்குக் காலண்டர் தேதிதான் வேண்டும்.

பழையசைட்: டைல் போடாத படியில் அவர் எதைப் பொருத்துவார்?

கணக்குப்பிள்ளை: அது அவர் கவலை.

புதுமேஸ்திரி: சண்டை வேண்டாம். இப்போதுதான் பார்த்தேன், மெயிலில் இணைத்தது திருத்தத்துக்கு முந்தைய வரைபடம். அதில் மூன்று மாடிதான் இருக்கிறது. முதலில் அதை மாற்றி அனுப்பிவிட்டு வருகிறேன்.