இறுதி விடைக்கு ஒரே ஒரு மார்க்காம்!

அறிவிப்பு: "இந்த வாரம் முதல் அறிக்கையின் அமைப்பு மாறுகிறது. மொத்தம் 20. நோக்கமும் கோட்பாடும் 2, அளவீட்டு அட்டவணை 5, வரைபடம் 4, பிழைக் கணக்கு 6, விவாதம் 2, இறுதி விடை 1. அளவீடுகளைப் பேனாவால், ஆய்வகத்திலேயே எழுத வேண்டும். 'மனிதப் பிழை' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. – ஆய்வகப் பயிற்றுநர்"

கடைசிபெஞ்ச்: முன்பு விடைக்கு 5 மார்க். இப்போது 1. தனி ஊசலில் g கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள், கண்டுபிடித்தவனுக்கு ஒன்று, ஏன் தப்பாகப் போனது என்று புலம்புகிறவனுக்கு ஆறு. 9.8 வந்தால்தான் சோதனை வெற்றி. இது கூடத் தெரியாமல் ஒரு நோட்டீஸ்!

ஊசல்மாமா: பத்து வருடம் ரெக்கார்டு நோட்டு திருத்தியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. விடைக்கு 5 இருந்தபோது வகுப்பு முழுவதும் 9.8 வந்தது. அறுந்து முடிச்சுப் போட்ட நூலிலும் வந்தது. எப்படி? விடையை முதலில் எழுதிவிட்டு அட்டவணையைப் பின்னோக்கி நிரப்பினார்கள்.

நேர்மையாகச் செய்தால் என்ன வரும்? தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை 100.0 செ.மீ., 20 அலைவுக்கு 40.2 நொடி. T = 2.01. g = 4π²L/T² என்பதில் போட்டால் 9.77. ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரல் 0.2 நொடி முன்பின் போகும். 40.2-இல் அது அரை சதவீதம். T வர்க்கத்தில் இருப்பதால் g-யில் ஒரு சதவீதமாகிவிடும். நீளத்தில் 1 மி.மீ. தவறினால் 0.1 சதவீதம்தான், விட்டுவிடலாம். ஆக 9.77 ± 0.10. 9.8-ம் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வெற்றி எங்கே, அவன் தோல்வி எங்கே?

கடைசிபெஞ்ச்: அதெல்லாம் சரி. ஒரு மார்க்! சமையலில் ருசிக்கு ஒரு மார்க், கரண்டி பிடித்த விதத்துக்கு ஆறு மார்க் மாதிரி.

வரைபடராணி: இவ்வளவு கணக்கே வேண்டாம். ஐந்து நீளங்களுக்கு L–T² வரைபடம் போட்டால் பிழையெல்லாம் போய்விடும். வரைபடத்துக்குத்தான் 6 தந்திருக்க வேண்டும்.

ஊசல்மாமா: பாதி சரி அம்மா. குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, ஆனால் சாய்வு மாறாது, அதனால் g தப்பிக்கும். விரல் தடுமாற்றம் அப்படிப் போகாது. புள்ளிகள் கோட்டுக்கு இருபக்கமும் சிதறிக் கிடக்கும். அந்தச் சிதறலைத்தான் பிழைக் கணக்கில் கேட்கிறார்.

வரைபடராணி: 'பாதி சரி' என்று சான்றிதழ் தருவதற்கு முன், போன மாதம் வெர்னியர் சண்டையில் நேர் சுழிப் பிழையைக் கூட்டச் சொன்னவர் யார் என்று நினைவிருக்கட்டும்.

ஊசல்மாமா: அது தட்டச்சுப் பிழை. நூறு முறை சொல்லிவிட்டேன்.

வரைபடராணி: மனிதப் பிழை என்று சொல்லுங்களேன். மார்க் கிடையாது, அவ்வளவுதான்.

பேனாமூடி: பேனாவால் எழுதச் சொல்வது கொடுமைதான். போன பருவத்தில் தரம்பார்த்தலில் பியூரெட் அளவை 10.4 என்பதற்குப் பதில் 14.0 என்று எழுதி, வெள்ளை மை பூசி மாற்றினேன். மூன்று மார்க் போனது. இன்னும் ஆறவில்லை.

ஊசல்மாமா: ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பூசி மறைத்ததற்குத்தான் போயிருக்கும்.

கடைசிபெஞ்ச்: பேச்சை மாற்றாதீர்கள். 10.9 வந்தவனுக்கும் எனக்கும் ஒரு மார்க்தான் வித்தியாசமா?

ஊசல்மாமா: 10.9 வந்தவனைப் பற்றித்தான் பேச வேண்டும். பிழை 0.1 என்று கணக்கு சொல்கிறது, விடையோ 1.1 தள்ளி நிற்கிறது. விரல் நடுக்கம் இவ்வளவு இழுக்காது. குண்டை விட்ட கணத்திலேயே 'ஒன்று' என்று எண்ணியிருப்பான். இருபது என்று நினைத்தது பத்தொன்பது. 20/19-ஐ வர்க்கப்படுத்தி 9.8-ஆல் பெருக்குங்கள், 10.86 வரும். 'சுழியம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்து விவாதத்தில் எழுதினால் அந்த 2 அவனுக்கு. பிழைக் கணக்கே போடாதவன் 10.9-ஐ அழித்து 9.8 என்று எழுதிவிட்டுப் போவான்.

வரைபடராணி: எல்லா நீளத்துக்கும் அப்படியே எண்ணியிருந்தால்?

ஊசல்மாமா: உங்கள் வரைபடமும் அதே 10.86-ஐத்தான் தரும். நேர்கோடு அழகாகவும் இருக்கும்.

வரைபடராணி: நான் எண்ணத் தெரியாதவர்களைப் பற்றிப் பேசவில்லை.

கடைசிபெஞ்ச்: எனக்கு 9.81 வந்தது. அப்சர்வேஷன் நோட்டு இருக்கிறது, படம் போடவா?

ஊசல்மாமா: போடுங்கள். ஐந்து நேரங்களும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் போடாதீர்கள்.

கடைசிபெஞ்ச்: நாளைக்குப் போடுகிறேன். ஆனால் ஒரு மார்க் என்பது அநியாயம்தான்.

பேனாமூடி: வரைபடத்தையும் பேனாவிலா போட வேண்டும்? யாராவது சொல்லுங்கள்.