கூழுக்கு இரண்டு தலைப்பு வைத்து ஏமாந்த கதை

கூழ்ப்பானை
ஒடியல் கூழ் பதிவுக்கு 'ஒடியல் கூழ் செய்முறை' என்பது பழைய தலைப்பு. 'கூழுக்கு நண்டு எப்போது போடுவது?' என்று புதிதாக ஒன்று வைத்தேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது, மீதிப்பேருக்கு இது. நாலாம் நாள் இரவு கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தால் பழையதைப் பார்த்த 120 பேரில் 7 பேர் கிளிக் செய்திருக்கிறார்கள், புதியதைப் பார்த்த 118 பேரில் 14 பேர். இரட்டிப்பு! அந்த இருட்டிலேயே பழையதைத் தூக்கிவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் முதலிலிருந்து தொடங்கி இரண்டு கிழமை விட்டேன். பழையது 455 இல் 31, புதியது 448 இல் 33. அந்த இரட்டிப்பு எங்கே போனது?

சுன்னாகத்தான்
ஆள் காணாது தங்கச்சி. 1000 பேருக்குக் குறைவாக எந்தச் சோதனையும் செல்லாது. அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை
அண்ணை, எல்லாவற்றுக்கும் ஒரே 1000 கிடையாது. எவ்வளவு வித்தியாசத்தைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நூற்றுக்கு 6 கிளிக் 12 ஆகுமா என்று பார்க்கத் தலைப்புக்கு ஏறத்தாழ 360 பேர் போதும். 6 என்பது 8 ஆகுமா என்றால் 2600 பேர் வேண்டும். தங்கச்சிக்கு நாளைக்கு 65 பேர்தான். முதலாவதற்கு 11 நாள், அதை முழுக் கிழமைகளாக 14 நாள் ஆக்குவது நல்லது. ஞாயிறு சமைக்கிறவர் வேறு, செவ்வாய் வாசிக்கிறவர் வேறு. இரண்டாவதற்கு 80 நாள். ஆகவே இரண்டு கிழமையில் தெரிந்தது 'இரட்டிப்பு இல்லை' என்பது மட்டும்தான். இரண்டும் சமம் என்று அர்த்தமில்லை.

ஆள் காணாததைவிட, இடையில் பார்த்து நிறுத்தியதுதான் பெரிய பிழை. நான் ஒருமுறை ஒரே தலைப்பை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் 3க்கு 9! அன்றே நிறுத்தியிருந்தால், தன்னையே வென்ற தலைப்பு என்று எழுதியிருப்பேன். தினமும் எட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு நாள் ஒன்று முந்தித்தான் நிற்கும்.

ரியூசன்வாத்தி
இவ்வளவு கணக்கு எதற்கு? என் வகுப்பு அறிவிப்புக்கு முதல் கிழமை ஒரு தலைப்பு, அடுத்த கிழமை மற்றது. இரண்டாவதற்கு மூன்று மடங்கு ஆட்கள். நல்லூர்க் கொடியேற்றம் நடந்த கிழமை என்பதால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
வாத்தியார், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாம் ஊரில் நின்ற கிழமை அது! அவர்கள் வந்தது தலைப்புக்கா, முருகனுக்கா?

ரியூசன்வாத்தி
முருகனுக்கு வந்தவர்கள் ஏன் என் அறிவிப்பைத் திறக்க வேண்டும்?

கூழ்ப்பானை
80 நாள் என்னால் முடியாது. நண்டுத் தலைப்பையே விட்டுவிட்டேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: நானும் அம்மாவும் பத்துப் பதினைந்து தரம் திறந்து பார்த்தோமே, அதுவும் அந்த 14 இல் இருக்குமோ?