ஆறு வாரம் என்று எழுதிய சான்றிதழ்: அட்மிஷனை ஓராண்டு தள்ளிவைக்கக் கேட்ட அனுபவங்கள்

மண்வெட்டி

2023 ஜூனில் கால் உடைந்தது. முழங்காலுக்குக் கீழே, மூட்டை ஒட்டி. தகடு வைத்தார்கள். முதுகலை நிலவியலுக்கு இடம் கிடைத்து, ஆஃபரை ஏற்று, டெபாசிட்டும் கட்டியாகிவிட்டது. செப்டம்பர் 25 வகுப்பு தொடக்கம். டிஃபர் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று இமெயில் போட்டேன். மருத்துவச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே எல்லாம் இணைத்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று நினைப்பு.

நான்கு நாளில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி, பிறகு இது: "சான்றிதழ் ஜூன் 19 முதல் ஆறு வாரம் ஓய்வு என்கிறது. அது ஜூலை 31-ல் முடிகிறது. வகுப்பு செப்டம்பர் 25. ஓராண்டு ஏன் தேவை என்பதைத் தெளிவுபடுத்தவும்."

படுக்கையில் கிடந்தபடி அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கோபம் வந்தது. அப்புறம் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அவர்கள் கேட்டது நியாயம்தான். டாக்டர் அலுவலக விடுப்புக்கு எழுதித் தரும் அதே தாளில், அதே பழக்கத்தில் ஆறு வாரம் என்று எழுதியிருக்கிறார். நானும் படிக்காமலே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது கடிதம் வாங்கப் பத்து நாள் ஆயிற்று. இந்த முறை டாக்டரிடம் போகும்போது பாடத்திட்டக் கையேட்டில் அக்டோபர் களப்பயணப் பக்கத்தையும் எடுத்துப்போனேன். மூன்று மாதம் காலில் எடை வைக்கக் கூடாது, அதன்பின் பிசியோதெரபி, மேடுபள்ளமான தரையில் சுமையோடு நடக்க ஒன்பது மாதமாவது ஆகும், 2024 செப்டம்பரில் முழுமையாகக் கலந்துகொள்ள முடியும் என்று எதிர்பார்க்கிறேன் என எழுதிக் கொடுத்தார். கையேட்டுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் சம்மதம் வந்தது.

கால் சரியாகிவிட்டது. அந்த "ஜூலை 31-ல் முடிகிறது" மட்டும் இன்னும் உறுத்துகிறது. உங்களிடம் என்ன கேட்டார்கள்?

வேப்பம்பூ

என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேரே இல்லை என்றார்கள். வேலை செய்த இடத்தில் ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் பாக்கி. நடுவில் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதை அப்படியே சொல்ல வெட்கப்பட்டு "பொருளாதாரக் காரணங்கள்" என்று பூசி மெழுகினேன். அந்தக் காரணம் எங்கள் விதியில் இல்லை, அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். மூன்றாவது வரி கிடையாது. தேடியும் பார்த்தேன்.

ஒப்பந்த நகலையும் முடிவுத் தேதி போட்ட எச்.ஆர். கடிதத்தையும் வைத்திருந்தால் ஒருவேளை வேறு பதில் வந்திருக்கும். ஒருவேளைதான்.

கல்யாணமுருங்கை

எதற்கு இவ்வளவு கெஞ்சல்? டெபாசிட் கட்டிவிட்டால் இடம் நம்முடையது. தள்ளி வைப்பது நம் உரிமை. நான் "தனிப்பட்ட காரணம்" என்று ஒரே வார்த்தை எழுதினேன், ஓராண்டு கொடுத்தார்கள், ஆவணம் எதுவும் கேட்கவில்லை. காரணத்தை விளக்க விளக்கத்தான் அவர்களுக்குக் கேள்வி முளைக்கும்.

பழைய கோப்பு

கல்யாணமுருங்கை சொல்வதில் பாதி சரி. சில படிப்புகளில், ஒருமுறை மட்டும், காரணம் கேட்காமல் தருவார்கள். உங்களுடையது அப்படி ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் டெபாசிட் என்பது அந்த ஆண்டு இடத்துக்கான பிடிமானம், அவ்வளவே. தள்ளி வைக்கும் உரிமை எதையும் அது தராது. டிஃபர் செய்தால் டெபாசிட் அடுத்த ஆண்டுக்கு நகருமா, பறிபோகுமா என்பதை ஆஃபரோடு வரும் நிபந்தனைத் தாளில் பார்க்க வேண்டும்.

அட்மிஷன் அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் இந்த விண்ணப்பங்களைப் படித்தவள் நான். கடிதத்தில் இருக்கும் சோகத்தை நாங்கள் எடைபோடுவதில்லை. அப்படி ஒரு கட்டமே படிவத்தில் கிடையாது. நாங்கள் தேடுவது இரண்டு விடை: இந்த ஆண்டு ஏன் முடியாது, அடுத்த ஆண்டு ஏன் முடியும். முதல் விடையை எல்லோரும் மூன்று பக்கம் எழுதுவார்கள். இரண்டாவதை எழுத மறந்துவிடுவார்கள். "சிகிச்சை தொடர்கிறது" என்று முடியும் மருத்துவக் கடிதம் எங்களுக்குச் சங்கடம். தொடர்கிறது என்றால் அடுத்த செப்டம்பரிலும் தொடருமா? பாடப்பிரிவுத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி அது. முடிவெடுப்பதும் பெரும்பாலும் அவர்தான், இமெயிலுக்குப் பதில் போடும் நாங்கள் இல்லை. மண்வெட்டியின் இரண்டாவது கடிதம் நன்றாக இருந்ததற்குக் காரணம், அதில் ஒரு முடிவு மாதம் இருந்தது, அந்தப் படிப்புக்கு நடை ஏன் முக்கியம் என்பதும் கூடவே இருந்தது. எக்ஸ்ரேயை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வேப்பம்பூ, ஒப்பந்தத்தையும் எச்.ஆர். கடிதத்தையும் வைத்திருந்தால் நான் மேலே அனுப்பியிருப்பேன். தேதி போட்ட கடமை என்பது "பணமில்லை" என்பதிலிருந்து வேறானது. ஆனாலும் சில இடங்களில் வேலையை ஒரு காரணமாகவே ஏற்பதில்லை.

வேப்பம்பூ

இதை அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்.

தூக்கணாங்குருவி

நானும் டிஃபர் கேட்டிருக்கிறேன். மூன்றாம் செமஸ்டர் தேர்வின்போது அம்மை போட்டது. தேர்வுக்கு நான்கு நாளுக்கு முன் சான்றிதழ் கொடுத்தேன், அடுத்த சுற்றில் எழுத விட்டார்கள். துறைத் தலைவரை நேரில் பாருங்கள், கட்டாயம் நடக்கும்.

மண்வெட்டி

அது தேர்வைத் தள்ளி வைப்பது. நீங்கள் அப்போது மாணவர், அவர்கள் உங்களைக் கவனித்தாக வேண்டும். நாங்கள் இன்னும் உள்ளேயே நுழையாதவர்கள்.

தூக்கணாங்குருவி

ஓ. சரி. ஆனாலும் நேரில் பார்ப்பது நல்லதுதானே.

அரைநிலா

என் கதை சின்னது. சம்மதக் கடிதம் வந்தது, சந்தோஷத்தில் தலைப்பை மட்டும் படித்து மூடிவிட்டேன். அடுத்த ஏப்ரலில் ஸ்காலர்ஷிப் பற்றிக் கேட்டபோது அந்தக் கடிதத்தின் இரண்டாம் பத்தியைப் பார்க்கச் சொன்னார்கள். "இந்த ஒத்திவைப்பு சேர்க்கை இடத்துக்கு மட்டுமே பொருந்தும்." நிதியுதவி 2022 சேர்க்கைக்கு ஒதுக்கியதாம், அது வேறொருவருக்குப் போய்விட்டது. இடம் இருந்தது, கட்டப் பணம் இல்லை. கடைசியில் போகவில்லை.

இனி கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதல் இமெயிலிலேயே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: இடம் நகருமா, ஸ்காலர்ஷிப் நகருமா, கட்டணம் எந்த ஆண்டு விகிதம், விடுதிக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா. ஸ்காலர்ஷிப் தருவது வேறு அலுவலகம் என்றால் அங்கே தனியாக எழுதி, அவர்கள் பதில் வரும்வரை டிஃபரை உறுதி செய்யாதீர்கள். கட்டணம் பெரும்பாலும் சேரும் ஆண்டின் விகிதம்தான், பழைய கடிதத்தில் இருக்கும் தொகையை நம்பி வங்கிக் கடனுக்குப் போய் நிற்காதீர்கள். ஆஃபரில் நிபந்தனை ஏதாவது மீதமிருந்தால், உதாரணமாக இறுதி மதிப்பெண், அதை இந்த ஆண்டே முடிக்கச் சொல்கிறார்களா, அடுத்த ஆண்டுவரை விடுகிறார்களா என்பதையும் கேளுங்கள். என் தோழி ஒருத்தி டிஃபர் கிடைத்ததும் சான்றிதழ் அனுப்புவதை மறந்தே போனாள், ஆகஸ்ட் 31-ல் ஆஃபர் காலாவதியாகிவிட்டது. பதில் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். போனில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள்.

பழைய கோப்பு

அரைநிலா பட்டியலில் விட்டுப்போனது மொழித் தேர்வு. ஐஈஎல்டிஎஸ், டோஃபல் இரண்டுக்கும் இரண்டு ஆண்டு கணக்கு. இந்த ஆண்டுக்குச் செல்லும் மதிப்பெண் அடுத்த ஆண்டு வகுப்பு தொடங்கும் நாளில் செல்லாமல் போகலாம்.

விசாவுக்கான தாள் வெளியான பின் கேட்டால் வேலை கூடும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரிட்டன் என்றால் சி.ஏ.எஸ். எண் ஆறு மாதம்தான் செல்லும், அடுத்த ஆண்டுக்குப் புதிதாகத்தான் தருவார்கள். அமெரிக்கா என்றால் ஐ-20-ல் இருக்கும் தொடக்கத் தேதி கடப்பதற்குள் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அப்போது அதே பதிவில் தேதியை நகர்த்த முடியும்.

மண்வெட்டி

மொழித் தேர்வில் நான் மாட்டிக்கொண்டேன். 2022 ஆகஸ்டில் எழுதியது. 2023 செப்டம்பருக்குச் செல்லும், 2024 செப்டம்பருக்கு ஒரு மாதம் பற்றாது. சம்மதக் கடிதத்திலேயே "தொடக்க நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும்" என்று இருந்தது. ஜூனில்தான் கண்ணில் பட்டது. மறுபடி பணம் கட்டி எழுதினேன், இந்த முறை எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண் குறைந்தது. நல்லவேளை, தேவையான அளவுக்குக் கீழே போகவில்லை.

ஆய்வுக்கூடம் 3

முனைவர் பட்டத்துக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. என்னுடைய இடம் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தின் பணத்தில் இருந்தது. அட்மிஷன் அலுவலகம் ஓராண்டு கொடுத்துவிட்டது, முறையான கடிதத்தோடு. வழிகாட்டிப் பேராசிரியரிடம் மரியாதைக்கு ஒரு தகவல் போட்டேன். "திட்டம் 2025-ல் முடிகிறது, அதற்குப் பிறகு உங்களுக்குச் சம்பளம் தர என்னிடம் எதுவுமில்லை" என்று பதில் வந்தது. முதலில் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். ஜனவரியில் சேர்ந்தால் சமாளிக்கலாம் என்றார், அப்படித்தான் சேர்ந்தேன்.

கல்யாணமுருங்கை

ஆக, எல்லோரும் நிறைய விளக்கி நிறைய மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அரைநிலா

நான் விளக்கவே இல்லை ஐயா. படிக்காமல் மாட்டிக்கொண்டேன்.

வேப்பம்பூ

ஒரு சந்தேகம். தள்ளி வைத்த ஓராண்டில் வேறு இடத்துக்கு விண்ணப்பித்தால் தெரியவருமா? மறுபடி கேட்கலாம் என்றிருக்கிறேன், வேறொரு பல்கலைக்கழகம்.

பழைய கோப்பு

சில இடங்களில் டிஃபர் கொடுக்கும்போதே, வேறெங்கும் படிப்பில் சேர மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். சேர்வதைத்தான் தடுக்கிறார்களா, விண்ணப்பிப்பதையுமா என்பதை அந்த வாசகத்தில் பாருங்கள். வாசகமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி இருந்தது.

ஆய்வுக்கூடம் 3

விண்ணப்பிப்பதில் தவறில்லை என்பேன் நான். சொல்லாமல் வைத்திருந்து ஆகஸ்டில் கைவிடுவதுதான் தவறு. அந்த இடம் யாருக்கும் போகாது.

மண்வெட்டி

பழைய கோப்பு, இன்னொன்று. சம்மதம் கிடைத்தபின்னும் போர்ட்டலில் மார்ச் வரை 2023 தொடக்கம் என்றே காட்டியது. கடிதத்தில் 2024. தினமும் திறந்து பார்ப்பேன். அது ஏன்?

பழைய கோப்பு

புதிய ஆண்டுக்கான பாடக் குறியீடு திறக்கும்வரை உங்கள் பதிவை நகர்த்த இடமிருக்காது. கையால் ஒவ்வொன்றாக மாற்றுவோம். மார்ச் என்பது தாமதமே இல்லை. மே மாதம்வரை காட்டினால் எழுதுங்கள், கடிதத்தை இணைத்து.