[கலைச்சொல்] ஹெர்-2 சோதனையில் 2+ வந்தால்: ஐயநிலையா, இழுபறியா?

சுடர் எழுதியது:

நண்பர்களே, மார்பகப் புற்றுநோய்க்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஒரு நோயாளர் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெர்-2 பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். புற்றுசெல்லில் ஹெர்-2 மிகுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அதற்கான மருந்தைத் தீர்மானிக்கிறார்கள். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் சாயம் ஏற்றிப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுகிறார்கள். 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். இடையில் நிற்கும் 2+ தான் தகராறு. அறிக்கையில் அதற்கு 'ஈக்விவோக்கல்' என்று எழுதியிருப்பார்கள்.

முதலில் 'சந்தேகத்துக்குரியது' என்று போட்டேன். படித்துப் பார்த்த அக்கா, "அப்படியென்றால் புற்றுநோயே இல்லாமலும் இருக்கலாமா?" என்று கேட்டார். உடனே அடித்துவிட்டேன். வேறு சொல் வேண்டும்.

குமரவேல் எழுதியது:

'ஐயநிலை' போதுமே. சின்னச் சொல், நல்ல தமிழ். இல்லாவிட்டால் 'அரைநேர்' என்றும் வைக்கலாம், ஏனென்றால் 2+ என்பது ஹெர்-2 மரபணு இரண்டு மடங்கு ஆகியிருப்பதைத்தானே சொல்கிறது? அடுத்துச் செய்கிற ஃபிஷ் சோதனையும் இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பதுதான்.

(ஒரு மொழிபெயர்ப்பில் அதை 'மீன் சோதனை' என்று போட்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்!)

தங்கம் எழுதியது:

என் தங்கைக்கும் 2+ தான் வந்திருக்கிறது. இது இரண்டாம் கட்டமா? அவள் மகளுக்கும் இப்போதே சோதித்துப் பார்க்க வேண்டுமா?

மீனாட்சி எழுதியது:

தங்கம் அம்மா, முதலில் உங்களுக்கு. இது கட்டத்தின் எண் இல்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வேறு விதமாகக் கணக்கிடுவார்கள். ஹெர்-2 மாற்றம் அந்தக் கட்டிக்குள் நேர்ந்தது, பரம்பரையாக இறங்குவதில்லை. அதனால் இந்த 2+ ஐ வைத்து மகளுக்குச் சோதனை தேவையில்லை. குடும்பத்தில் பலருக்கு நோய் இருந்தால் அது தனிக் கேள்வி, மருத்துவரிடம் கேளுங்கள்.

குமரவேல் சார், பாதி சரி. முதல் சோதனை மரபணுவைப் பார்ப்பதே இல்லை. செல்லின் மேலுறையில் இருக்கும் ஹெர்-2 புரதத்தைத்தான் பார்க்கிறது. மார்பகத் துணுக்கில் 3+ என்றால், பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட புற்றுசெல்களைச் சுற்றிப் பழுப்புச் சாயம் அடர்த்தியாக, இடைவெளியே இல்லாத வளையமாக நிற்கும். கோழிவலையை விரித்துப் போட்ட மாதிரி இருக்கும், லென்ஸை மாற்றாமலே தெரிந்துவிடும். 2+ இல் வளையம் முழுசாகத்தான் இருக்கும், ஆனால் சாயம் வெளிறியோ நடுத்தரமாகவோ இருக்கும். துணுக்கை ஃபார்மலினில் போடத் தாமதமானாலோ, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக ஊறவைத்தாலோ சாயம் ஏறுவதே மாறிவிடலாம். அதனால் வெறும் கண்ணை நம்பி மருந்து கொடுப்பதும் தப்பு, மறுப்பதும் தப்பு.

அப்போதுதான் ஃபிஷ். அது மரபணுவையே எண்ணுகிறது. இருட்டில் ஒளிரும் புள்ளிகள்: சிவப்பு ஹெர்-2 மரபணு, பச்சை அது இருக்கும் 17ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி. (மீன் சோதனை என்றதும் சிரித்துவிட்டேன், ஆனால் பார்க்க விண்மீன் மாதிரிதான் இருக்கும்.) ஒரு கணக்கு: 20 செல்களில் சிவப்பு 96, பச்சை 40. செல்லுக்குச் சராசரி 4.8 சிவப்பு, சிவப்புக்கும் பச்சைக்கும் விகிதம் 2.4. விகிதம் 2 அல்லது அதற்கு மேல், சராசரி 4 அல்லது அதற்கு மேல். இரண்டும் சேர்ந்தால் பாசிட்டிவ். இன்னொருவருக்குச் சிவப்பு 62, பச்சை 40 என்றால் சராசரி 3.1, விகிதம் 1.55. இவரும் 2+ தான், ஆனால் நெகட்டிவ். அதனால் 'அரைநேர்' வேண்டாம். இருவருமே பாதி பாசிட்டிவ் இல்லை.

பாசிட்டிவ் ஆனால் ட்ராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து. செல்லின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. பிடிக்க இடமே இல்லாத செல்லில் அதற்கு என்ன வேலை?

ரஹீம் எழுதியது:

எங்கள் அண்ணனுக்கு இரைப்பையில் வந்தது, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. முதல் எண்டோஸ்கோப்பியில் இரண்டே துணுக்கு எடுத்தார்கள், 1+ என்று வந்தது. வேறொரு மருத்துவர் பார்த்து "இது போதாது" என்று மறுபடி ஏழு துணுக்கு எடுக்கச் சொன்னார். அதில் இரண்டு துணுக்குகளில் மட்டும் 2+. ஃபிஷ் பாசிட்டிவ். கீமோவோடு அந்த மருந்தும் கொடுத்தார்கள்.

ஃபிஷ் முடிவு வரும்வரை அந்தப் பத்து நாளும் வீட்டில் யார் கேட்டாலும் "இழுபறியாக இருக்கு" என்றுதான் சொன்னோம். உங்கள் சொல் அதுவாகவே இருக்கட்டுமே.

மீனாட்சி எழுதியது:

ரஹீம் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. இரைப்பைக் கட்டியில் ஹெர்-2 பல நேரம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், ஒரு மூலையில் நிறைய, பக்கத்திலேயே ஒன்றுமில்லை. அதனால்தான் குறைந்தது ஐந்து துணுக்காவது கேட்போம். படிக்கும் விதியும் வேறு. இரைப்பைச் சுரப்பிச் செல்லில், சுரப்பியின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்த பக்கத்தில் பெரும்பாலும் சாயம் ஏறாது. அடியிலும் இரண்டு பக்கத்திலும் மட்டும் ஏறும். நம் 'ப' எழுத்து மாதிரி, மேலே திறந்திருக்கும். மார்பக விதிப்படி முழு வளையம் தேடினால் இந்தச் செல்களைத் தவறவிடுவோம். எண்டோஸ்கோப்பித் துணுக்கில் சேர்ந்து நிற்கும் ஐந்து செல்களில் இப்படி இருந்தாலே கணக்கில் எடுப்போம், பத்து சதவீதம் தேவையில்லை.

இரைப்பைக்கு இந்த மருந்து வந்ததற்கே 2010 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுதான் காரணம். கீமோ மட்டும் பெற்றவர்களின் நடுமை ஆயுள் 11.1 மாதம், ட்ராஸ்டுசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.8. 3+ வந்தவர்களையும், 2+ வந்து ஃபிஷ் பாசிட்டிவ் ஆனவர்களையும் மட்டும் எடுத்தால் 11.8க்கு 16. 2+ இல் நின்றவர்களைச் சரியாகப் பிரிப்பது ஏன் முக்கியம் என்று இதிலேயே தெரியும்.

குமரவேல் எழுதியது:

புரதம் வேறு, மரபணு வேறு. சரி, 'அரைநேர்' கைவிட்டேன். ஆனால் 'இழுபறி' தேர்தல் செய்திச் சொல். ஆய்வக அறிக்கையில் வைக்க மனம் வரவில்லை. 'ஐயநிலை'க்குத்தான் என் ஓட்டு. பெயர்த் தொடராக 'ஹெர்-2 ஐயநிலை' என்று இழைகிறது.

சுடர் எழுதியது:

ஐயம் என்றால் சந்தேகம்தானே சார், அக்கா அதே கேள்வியைக் கேட்பார். 'இழுபறி'யில் எனக்குப் பிடித்தது, அதற்கு ஒரு முடிவு வரப்போகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'இடைநிலை' என்றால் அங்கேயே தங்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

மீனாட்சி எழுதியது:

ஒரு சிக்கல். மார்பகத்தில் 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களையும் 1+ வந்தவர்களையும் இப்போது 'ஹெர்-2 குறைவு' என்று தனியாகப் பார்க்கிறோம். நோய் பரவிய நிலையில், கீமோவையும் கூடவே சுமந்து செல்லும் ஆன்டிபாடி, ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான், இவர்களுக்குப் பலன் தருகிறது என்று 2022 இல் காட்டினார்கள். அதனால் இழுபறி முடிந்தாலும் அந்த 2+ ஐ அறிக்கையிலிருந்து தூக்கிவிடக் கூடாது. இழுபறி என்று சொல்வது ஃபிஷ் வரும்வரை மட்டும்தான். அப்புறம் அந்த 2+ க்கு எந்தச் சொல் நிற்கும்?

சுடர் எழுதியது:

இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன்: "2+ : இழுபறி. ஃபிஷ் சோதனை தேவை." ஃபிஷ் வந்த பிறகு "2+, ஃபிஷ் நெகட்டிவ்" என்று மதிப்பெண்ணோடே நிற்கட்டும். குமரவேல் சாரின் 'ஐயநிலை'யை மருத்துவர் பக்கத்தில் வைக்கலாமா என்று பார்க்கிறேன். 'குறைவு' என்பதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் தனி இழை தொடங்குங்கள், என்னால் இதில் இரண்டையும் சமாளிக்க முடியவில்லை.

தங்கம் எழுதியது:

தங்கைக்கு ஃபிஷ்ஷுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் வரும்.