‘கோஹார்ட்’டுக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கயல்:
விளம்பரக் கணக்கு பார்க்கும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். ஒரே மாதத்தில், ஒரே விளம்பர வழியாக முதன்முதல் வாங்கியவர்களைச் சேர்த்துவைத்துப் பின்தொடர்கிறார்கள். அந்தக் கூட்டத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘கோஹார்ட்’ என்கிறார்கள். அதற்குக் ‘குழு’ போதுமா?

மணிமாறன்:
போதாது கயல். மதுரைக்காரர்கள்கூடக் குழுதான். இங்கே சேர்ந்த காலம்தான் உயிர். பேச்சுக்கு ஒரு கணக்கு: ஜனவரியில் தேடல் விளம்பரம் வழியே ஓர் ஆளைப் பிடிக்க 150 ரூபாய், காணொளி விளம்பரத்தில் 90. விளம்பரச் செலவைக் கழிக்குமுன், முதல் மாதம் ஆளுக்கு லாபம் தேடலில் 60, காணொளியில் 70. காணொளி ஜெயித்த மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் கூட்டிப் பார்த்தால் தேடலில் 210, காணொளியில் 85. காணொளிக்குப் போட்ட காசே திரும்பவில்லை! ஜனவரி ஆட்களின் ஆறு மாதத்தை ஜூன் ஆட்களின் ஒரு மாதத்தோடு ஒப்பிட்டால் இது தெரியாது. வகுப்பதும் முதலில் சேர்ந்த மொத்தப் பேராலும்தான். மிஞ்சியவர்களால் மட்டும் வகுத்தால் எந்த விளம்பரமும் தங்கம்தான்.

சரவணன்:
மக்கள்தொகை வகுப்பில் நான் ‘வயதுக் குழு’ என்றே நடத்துகிறேன். அதையே வைக்கலாமே?

மணிமாறன்:
20–24 வயதுக் குழுவில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள் சார். 2000இல் பிறந்தவர்கள் எப்போதும் அதே ஆட்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

நம்பி:
‘கோஹார்ட்’டின் மூலமான இலத்தீன் ‘கோஹோர்ஸ்’ முதலில் வேலியடைத்த முற்றம். பிறகு உரோமப் படைப்பிரிவு, லெகியோன் என்ற பெரும்படை ஒன்றுக்குப் பத்து. நம்மிடம் ‘ஆயம்’ இருக்கிறதே! தலைவியின் தோழியர் கூட்டமும் ஆயம், வருவாயும் ஆயம். ஆளும் காசும் ஒரே சொல்லில்.

கயல்:
‘ஆய ஆய்வு’ என்று பொத்தானில் போட்டால் எழுத்துப்பிழை என்று புகார் வரும் ஐயா.

ஜெயா:
முறுக்கு சுடும்போது முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்போமே. ஒரே நேரத்தில் எண்ணெயில் விழுந்தவை. ‘ஜனவரி ஈடு’ யாருக்கும் புரியும்.

நம்பி:
வங்கிக்காரர் அடமானம் என்பார். நன்னூல்படி டகரம் இரட்டித்து ‘ஈட்டாய்வு’ ஆகும். அதை ‘ஈட்டுதல்’ என்று படிப்பார்கள்.

ஜெயா:
படிக்கட்டுமே. ஈட்டியதைத்தானே பார்க்கிறோம்?

செந்தில்:
சொல் எதுவோ போகட்டும். நான் ஊறுகாய் விற்கிறேன். தேடலில் வருகிறவர்கள் என் கடைப்பேரையே தட்டித் தேடி வருகிறார்கள். பேர் தெரிந்ததே காணொளியால்தான். உங்கள் கணக்கில் லாபம் முழுக்கத் தேடலுக்கா?

மணிமாறன்:
கடைசியாக எதைச் சொடுக்கினாரோ அதற்கே வரவு வைத்தால் அப்படித்தான் ஆகும். கடைப்பேரைத் தேடி வந்தவர்களைத் தனி ஈடாகப் பிரியுங்கள். சில மாவட்டங்களில் மட்டும் காணொளியைக் கொஞ்ச வாரம் நிறுத்துங்கள். அங்கே தேடி வருகிறவர்களும் குறைந்தால் உங்கள் சந்தேகம் சரி. சின்னக் கடையில் ஆள் குறைவு. ஏற்ற இறக்கம் தற்செயலாகவும் இருக்கலாம்.

கயல்:
‘சேர்க்கை ஈடு’ என்று போட்டு அனுப்புகிறேன். மூவர் சரி என்றிருக்கிறார்கள்.

சரவணன்:
‘சேர்க்கை’ என்றால் கல்லூரி அட்மிஷன் ஆகாதா?

நம்பி:
ஆகும். என் ஓட்டு ஆயத்துக்கே. அடுத்த பதிப்பில் மறுபடி எழுப்புவேன்.