உதவி: 30 நாள் மெயில் போதும் என்று வைத்தும் டேட்டா தீர்ந்துபோகிறது

வடிகால் · காலை 7:48
அவசரம். வேலை இடத்தில் வைஃபை இல்லை, போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. மெயிலை 30 நாளுக்கு மட்டும் எடு என்று வைத்திருக்கிறேன். அப்படியும் மதியத்துக்குள் டேட்டா முடிந்துவிடுகிறது. நான் எதையும் திறக்காமல் இருக்கும்போதும் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

கோமதி ச. · 8:05
எந்த செயலி? சர்வரிலிருந்து மெயிலை எடுப்பது ஐமேப் முறையிலா, பாப் முறையிலா? இன்பாக்ஸில் எத்தனை மெயில்? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

மழைக்காகம் · 8:11
விண்டோஸ் என்றால் அந்த ஹாட்ஸ்பாட் இணைப்பைத் திறந்து "Metered connection" என்பதை இயக்குங்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை விண்டோஸ் அப்டேட்தான். மெயில்மேல் பழி போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

தபால்பெட்டி · 8:30
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. டேட்டாவை எது எடுக்கிறது என்று அளந்தீர்களா? அளக்காமல் "மெயில்தான்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? விண்டோஸ் அமைப்புகளில் "Data usage" என்ற பக்கம் இருக்கிறது, ஒவ்வொரு செயலியும் எடுத்த அளவைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

செல்லம்மா · 8:41
தம்பி, எனக்கும் இதே தொல்லை இருந்தது. போனில் கே-9 மெயில். அதில் "Fetch messages up to" என்று ஒன்று உண்டு, 32 கேபி வரை மட்டும் எடுக்கும். இப்போது மெயிலோடு வரும் இணைப்பு தானாக இறங்குவதில்லை. நீளமான மெயில் மட்டும் பாதியில் நிற்கும், மீதியை இறக்கு என்று கீழே பொத்தான் வரும். போன் மெமரியும் காலியாகவே இருக்கிறது.

வடிகால் · 9:20
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். போனில் இல்லை அக்கா, லேப்டாப்பில்தான். தண்டர்பேர்ட், ஐமேப், அலுவலக சர்வர். இன்பாக்ஸில் 38,000 சொச்சம். தபால்பெட்டி ஐயா சொன்ன பக்கத்தில் பார்த்தேன்: நேற்று தண்டர்பேர்ட் மட்டும் 1.2 ஜிபி. அப்டேட் 90 எம்பிதான்.

மழைக்காகம் · 9:26
சரி, அப்டேட் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த "Metered connection"ஐ இயக்கியே வையுங்கள். தண்டர்பேர்ட் அதை மதிக்காது, விண்டோஸ் மதிக்கும்.

பாஸ்கர்_இரவுப்பணி · 9:34
ஐமேப்பை விடுங்கள். பாப்புக்கு மாறி "Fetch headers only" என்பதைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு மட்டும் வரும், வேண்டியதைச் சொடுக்கினால்தான் இறங்கும். மெதுவான இணைப்புக்கு பாப்தான். இருபது வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

கோமதி ச. · 9:52
பாஸ்கர் அண்ணா சொல்வதில் பாதி சரி. தலைப்பு மட்டும் வரும் என்பது உண்மை. ஆனால் சொடுக்கியதும் பாப் முழு மெயிலையும் இறக்கும். நாலு வரி பதிலுக்குக் கீழே 9 எம்பி வரைபடம் ஒட்டியிருந்தால் அந்த நாலு வரியைப் படிக்க 9 எம்பியும் வந்தாக வேண்டும். இணைப்பை சர்வரிலேயே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் தனியாகக் கேட்க ஐமேப்பில்தான் வழி இருக்கிறது. பாப் வைத்தால் லேப்டாப்பில் படித்தது போனில் படிக்காததாகவே கிடக்கும் என்பது இன்னொரு தொல்லை.

வடிகால், இனி உங்கள் கேள்வி. அந்த 30 நாள் வரம்பு மெயிலின் உடலுக்குத்தான், தலைப்புக்கு இல்லை. யார் அனுப்பியது, பொருள், தேதி ஆகியவை அந்த ஃபோல்டரில் உள்ள 38,000 மெயிலுக்கும் வரும். ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கேபி என்று வைத்தால் 38 எம்பி. ஒருமுறை வந்தால் போதும், அப்புறம் புதியவை மட்டும் வரும். ஆகவே 1.2 ஜிபிக்குத் தலைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். "Synchronization & Storage" பக்கத்தில் "Don't download messages larger than" டிக் ஆகியிருக்கிறதா? இந்த 30 நாளில் எத்தனை மெயிலில் பெரிய இணைப்பு இருக்கிறது? மெயில் சிக்கிக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பாஸ்கர்_இரவுப்பணி · 10:03
நான் முழுதாக இறக்கித்தான் படிப்பேன். சர்வர் நாளை இருக்குமா என்பதே தெரியாது. என் மெயில் என் டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

தபால்பெட்டி · 10:10
அவர் கேட்டது டேட்டாவைப் பற்றி. உங்கள் டிஸ்க்கைப் பற்றி இல்லை. அப்புறம், பாப்பில் "Leave messages on server" டிக் எடுக்கப்பட்டிருந்தால் சர்வரிலிருந்து மெயில் போய்விடும். அலுவலகக் கணக்கில் அதை எச்சரிக்காமல் பரிந்துரைப்பது பொறுப்பான செயல் இல்லை.

பாஸ்கர்_இரவுப்பணி · 10:16
டிக்கைப் பார்த்துக்கொண்டால் போகாது. இருபது வருடத்தில் எனக்கு ஒரு மெயில்கூடப் போனதில்லை.

செல்லம்மா · 10:19
என் தம்பி மகனுக்கு அப்படித்தான் போனது. போனில் ஒன்றுமே இல்லை என்று அழைத்தான். எல்லாம் வீட்டுக் கணினியில் இருந்தது.

வடிகால் · 10:57
அளவு வரம்பு டிக் ஆகவில்லை. 30 நாளில் 410 மெயில், 30 மெயிலில் வரைபட பிடிஎஃப், ஒவ்வொன்றும் 9 எம்பி வாக்கில். சிக்கிக்கொண்டால் எல்லாரும் செய்வதுதான்: ஃபோல்டர்மேல் வலது சொடுக்கி Properties, "Repair Folder". நேற்று மூன்று முறை செய்தேன்.

கோமதி ச. · 11:20
அதுதான். ஐமேப் ஃபோல்டரில் "Repair Folder" என்றால் லேப்டாப்பில் இருக்கும் பட்டியலையும் பிரதியையும் தள்ளிவிட்டு சர்வரிலிருந்து மறுபடி எடுப்பது. இருந்ததைச் சரிசெய்வது இல்லை.

கணக்கைப் பாருங்கள். 30 பிடிஎஃப், ஒவ்வொன்றும் 9 எம்பி என்றால் 270 எம்பி. மெயிலில் இணைப்பு வெறும் எழுத்துகளாக மாறித்தான் பயணிக்கும். மூன்று பைட் நாலாகும். எனவே 270 என்பது 360 ஆகிறது. அதோடு தலைப்புகள் 38. ஒருமுறை பழுதுபார்த்தால் ஏறத்தாழ 400 எம்பி. மூன்று முறைக்கு 1.2 ஜிபி. நீங்கள் பார்த்த எண் அதேதான்.

திறக்காதபோதும் ஓடுவதற்குக் காரணம், நீங்கள் கையை எடுத்த நேரத்தில்தான் தண்டர்பேர்ட் பின்னணியில் உடல்களை இறக்கத் தொடங்கும். Tools பட்டியலில் "Activity Manager" திறந்து வைத்தால் எந்த ஃபோல்டரில் எத்தனை மெயில் இறங்கியது என்று வரிசையாகத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. முதலில் "Repair Folder" பக்கமே போகாதீர்கள். அப்புறம் அளவு வரம்பை டிக் செய்து 200 கேபி என்று வையுங்கள். 50 என்று வைத்தால் சாதாரண அலங்கார மெயில்கள்கூட வெளியே நின்றுவிடும், பயணத்தில் படிக்க முடியாது. 200ஐத் தாண்டியவை பட்டியலில் தெரியும், உடல் இறங்காது. அதே பக்கத்தில் "Advanced..." திறந்து, இன்பாக்ஸையும் அனுப்பியவற்றையும் விட்டு மற்ற ஃபோல்டர்களின் டிக்கை எடுங்கள்.

ஒன்றை மறந்தால் இதெல்லாம் வீண்: View பட்டியலில் "Display Attachments Inline" அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய மெயிலைத் திறந்ததும் உள்ளே காட்டக்கூடிய படங்களையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். அணைத்திருந்தால் எழுத்து வரும், கீழே இணைப்பின் பெயர் மட்டும் நிற்கும், வேண்டும்போது சொடுக்கலாம்.

மழைக்காகம் · 11:31
30 நாளை 7 ஆக்கினால் இன்னும் குறையுமே?

கோமதி ச. · 11:44
குறையும், ஆனால் வரைபடம் இன்று வந்தால் அது 7 நாளுக்குள்தான் இருக்கும், வரம்பு அதைத் தடுக்காது. இவர் விஷயத்தில் நாள் வரம்பைவிட அளவு வரம்புதான் முக்கியம். சின்ன மெயில் ஆயிரக்கணக்கில் வருகிறவர்களுக்கு நாள் வரம்பு உதவும்.

தபால்பெட்டி · 12:02
38,000 மெயிலை இன்பாக்ஸில் வைத்திருப்பதுதான் மூல நோய். இணையத்தில் அலுவலக மெயிலைத் திறந்து வருடவாரியாக ஃபோல்டர் போட்டு பழையதை நகர்த்துங்கள். நகர்த்தும் வேலையை சர்வரே செய்யும், மெயில் உங்கள் டேட்டாவில் வராது. இன்பாக்ஸில் ஆயிரம் இருந்தால் தலைப்புக்கு 1 எம்பிதான். கோமதி இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கோமதி ச. · 12:09
சரிதான், விட்டுவிட்டேன். ஒன்று மட்டும்: நகர்த்திய அந்தப் புது ஃபோல்டர்களை "Advanced..." பட்டியலில் டிக் எடுங்கள். இல்லையென்றால் தண்டர்பேர்ட் அவற்றைப் புதியவை என்று நினைத்து 37,000 தலைப்பையும் அங்கே மறுபடி எடுக்கும். அவற்றைத் தெரியாமல் சொடுக்கித் திறந்தாலும் அதேதான்.

பாஸ்கர்_இரவுப்பணி · 12:25
மெதுவான இணைப்பில் முதல் முறை தலைப்பு இறங்கும்போதே பாதியில் நின்றுவிடுமே, அதற்கு என்ன? அவர் பழுதுபார்க்கப் போனதே அதனால்தானே.

கோமதி ச. · 12:40
நியாயமான கேள்வி. கீழே எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் அது சிக்கவில்லை, மெதுவாக ஓடுகிறது. அப்படியே விட வேண்டும். பத்து நிமிடம் எண் அசையவில்லை என்றால் செயலியை மூடித் திறந்தால் போதும். பழையதை முதலில் நகர்த்திவிட்டால் அந்த நிலையே வராது.

வடிகால் · மறுநாள் இரவு 9:15
எல்லாம் செய்தேன். இன்று தண்டர்பேர்ட் 74 எம்பி. இரண்டு வரைபடம் திறந்தேன், அது 24. மீதி 50 எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் நாள் முழுக்க ஓடியது. கோமதி அக்காவுக்கும் தபால்பெட்டி ஐயாவுக்கும் நன்றி.

கோமதி ச. · 9:32
அந்த 50இல் நகர்த்தும்போது இன்பாக்ஸ் பட்டியல் புதுப்பித்தது கொஞ்சம் இருக்கும். நாளைக்கும் 50 வந்தால் "Activity Manager" பார்த்து எந்த ஃபோல்டர் என்று எழுதுங்கள். பழைய வருட ஃபோல்டர் ஏதாவது டிக்கோடு நிற்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

செல்லம்மா · 9:50
கோமதி, கே-9இல் அந்த 32 கேபியை 128 ஆக்கினால் பாதியில் நிற்கும் மெயில் எல்லாம் முழுதாக வருமா? இணைப்பு இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.