பைப்லைனுக்குத் தமிழ்ச்சொல்: குழாயா, வரத்தா?

பினாங்கிலிருந்து, தர ஆலோசகர்

குழுவினருக்கு வணக்கம். பிறை, பாயான் லெப்பாஸ் பகுதியில் உள்ள சிறு உலோகப் பட்டறைகள் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் பெற உதவும் வேலையைத் தனியாளாகச் செய்துவருகிறேன். வேலை கொடுக்கக்கூடியவர்களின் பெயர்களை ஒரு விரிதாளில் வைத்திருக்கிறேன். முதல் பேச்சு, தொடர்பில் உள்ளவர், முன்மொழிவு அனுப்பப்பட்டது, வேலை கிடைத்தது, மறுவேலை என்று ஐந்து நிலைகள். இந்த முழு வரிசையையும் தொழிலில் ‘பைப்லைன்’ என்பார்கள். தாளின் தலைப்பில் ‘குழாய்வழி’ என்று எழுதியதைப் பார்த்து, எனக்குக் கணக்கு எழுதும் அத்தை மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல சொல் இருந்தால் கொடுங்கள்.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, ‘புனல்’ என்ற சொல் கைவசம் இருக்கிறது. மேலே அகலம், கீழே குறுகல். பலர் வந்து சிலர் மிஞ்சுவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் ஏது? பழந்தமிழில் புனல் என்றால் நீர் என்பதையும் நினைவில் வையுங்கள். மற்ற ஐந்து தலைப்புகளிலும் குறை காணவில்லை.

கோலாலம்பூர், எரிவாயுத் துறைப் பொறியாளர்

இதில் விவாதத்துக்கே இடமில்லை. ‘குழாய்த்தொடர்’ என்று 20 ஆண்டுகளாக எழுதிவருகிறேன். அழுத்தம், விட்டம், பற்றவைப்பு எல்லாவற்றுக்கும் என்னிடம் சொற்பட்டியல் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன். ஆனால் உலோகப் பட்டறைக்கு இவ்வளவு நீளக் குழாய் எதற்கு என்பதுதான் புரியவில்லை.

கோலாலம்பூர், பங்சார், பயிற்சி ஆலோசகர்

பொறியாளர் ஐயா, தம்பி கேட்பது எரிவாயுக் குழாயைப் பற்றியன்று. பட்டியலை அனுப்பிவிடாதீர்கள்.

ஆசிரியர் ஐயாவின் ‘புனல்’ பாதி சரி. நூறு பேர் வந்தால் எத்தனை பேர் தங்கினார்கள் என்று எண்ணும்போது அது புனல்தான். தனியாளாகத் தொழில் செய்பவருக்கு அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் கிடையாது. இன்று யார் எந்த இடத்தில் நிற்கிறார், நாளை யாரை அழைக்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயை வரத்துக்கால் என்போம். சந்தைக்குக் காய்கறி வரத்து என்று பத்திரிகையில் வருகிறது. ஆகவே ‘பணிவரத்து’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

எனக்கு உறுத்துவது முழு வரிசையின் பெயரன்று, நிலைகளின் பெயர்கள்தான். முன்மொழிவை அனுப்பியது யார்? நீங்கள். ஒரே மாலையில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, பத்துப் பெயரையும் ஒரு கட்டம் நகர்த்திவிடலாம். எதிர்த்தரப்பில் ஒருவர்கூட விரல் அசைத்திருக்க மாட்டார். ‘தொடர்பில் உள்ளவர்’ இன்னும் மோசம், அதற்கு முடிவே கிடையாது. நிலையின் பெயர் வாடிக்கையாளர் செய்த ஒரு செயலாக இருக்க வேண்டும். தமிழில் வினைமுற்றே யார் செய்தார் என்று சொல்லிவிடுமே! நான் இப்படி வைத்திருக்கிறேன்: பேசினார், தேவை சொன்னார், நாள் குறித்தார், ஒப்புக்கொண்டார், மீண்டும் அழைத்தார்.

‘தேவை சொன்னார்’ என்றால் என்ன வேண்டும், எப்போதைக்கு வேண்டும், முடிவெடுப்பவர் யார் என்ற மூன்றும் அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். ‘நாள் குறித்தார்’ என்றால் முன்மொழிவை வாங்கிக்கொண்டு, அதைப் பற்றிப் பேச ஒரு தேதியும் கொடுத்திருக்க வேண்டும். தேதி இல்லாமல் அனுப்பிய முன்மொழிவு எத்தனை பக்கமானாலும் முந்தைய நிலையிலேயே கிடக்கட்டும்.

‘ஒப்புக்கொண்டார்’ எங்கே தொடங்குகிறது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். என் வாடிக்கையாளர்களில் பலர், ஊழியர் பயிற்சிக்குப் பணம் தரும் எச்.ஆர்.டி. கார்ப் அமைப்பின் நிதியில் பயிற்சி எடுப்பவர்கள். பயிற்சி தொடங்கும் முன்பே அவர்கள் விண்ணப்பித்தாக வேண்டும். ‘சரி, செய்வோம்’ என்று தொலைபேசியில் சொன்னதை நான் கணக்கில் எடுப்பதில்லை. நிதிக்கு ஒப்புதல் வந்த பிறகே பெயர் நகரும். உங்களுக்குக் கொள்முதல் ஆணையோ முன்பணமோ எல்லையாக இருக்கலாம்.

இன்னொன்று. பாயான் லெப்பாசில் இருந்துகொண்டு ‘மறுவேலை’ என்று எழுதுகிறீர்களே! தொழிற்சாலைக்காரர் அதைப் படித்தால், பழுதான பொருளைத் திருப்பிச் செய்வதென்றுதான் நினைப்பார்.

பினாங்கிலிருந்து, தர ஆலோசகர்

அக்கா, ‘மறுவேலை’யைப் படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

நேற்றிரவு உட்கார்ந்து தாளை மாற்றினேன். ‘முன்மொழிவு அனுப்பப்பட்டது’ என்ற கட்டத்தில் 11 பெயர்கள் இருந்தன, மொத்தம் 132,000 ரிங்கிட். அந்தத் தொகையை நம்பித்தான் போன மாதம் உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். பேச நாள் கொடுத்தவர் யார் என்று ஒவ்வொருவராகப் பார்த்தால் மூவர்தான் தேறினர், 34,000 ரிங்கிட். ஐந்து பேர் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றவர்கள். இருவரிடம் முடிவெடுப்பவர் யாரென்றே நான் கேட்டிருக்கவில்லை. மீதி ஒருவர், புக்கிட் மெர்தாஜாமில் பட்டறை வைத்திருப்பவர், அதை விற்றே விட்டார். ஏழு மாதமாக என் தாளில் மட்டும் நடத்திக்கொண்டிருந்தார்.

நாள் கொடுக்காதவரை எத்தனை நாள் வைத்திருப்பது? ஒவ்வொரு நிலைக்கும் 20, 40, 60 விழுக்காடு என்று வாய்ப்பு போட்டுப் பெருக்கச் சொல்கிறார்கள். அது சரியா?

கோலாலம்பூர், பங்சார், பயிற்சி ஆலோசகர்

மூன்று பெயருக்கு விழுக்காடு போட்டால் வருவது கணக்கன்று, ஜோசியம். அவர்களில் ஒருவர் 20,000 ரிங்கிட் வேலைக்காரராக இருந்தால், அவர் ஒருவர் போனதும் கூட்டல் குப்புற விழும். நூற்றுக்கணக்கில் முன்மொழிவு அனுப்பும் நிறுவனத்துக்கு அது பொருந்தும்.

பழைய வேலைகளை எடுத்துப் பாருங்கள். முன்மொழிவு கையில் கிடைத்து எத்தனை நாளில் ‘சரி’ என்றார்கள்? எனக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம். அதைப்போல் இரண்டு மடங்கு கடந்தால் ஒரே ஒரு முறை அழைத்து, ‘இந்த வேலையை இப்போதைக்கு மூடிவைக்கலாமா?’ என்று கேட்பேன். வேலை உண்மையாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதறிக்கொண்டு நாள் கொடுப்பார்கள். பதில் இல்லையென்றால் பெயர் ‘உறங்குவோர்’ தாளுக்குப் போய்விடும். சீனப் புத்தாண்டையும் நோன்புப் பெருநாளையும் ஒட்டிய வாரங்களை நாள்கணக்கில் சேர்க்காதீர்கள். பட்டறை பூட்டியிருக்கும்போது மௌனத்துக்குப் பொருள் கிடையாது.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, முறை நல்லது, இலக்கணம் இடிக்கிறது. வினைமுற்று கலைச்சொல்லாகாது. ‘நாள் குறித்தார்களின் எண்ணிக்கை’ என்று எழுத முடியுமா? பேச்சு, தேவை, நாள்குறிப்பு, இசைவு, மீள்வரவு என்று பெயர்ச்சொல்லாக்குங்கள். ‘வரத்து’ எனக்கு உடன்பாடுதான் என்றாலும், நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். வரத்துக்காலைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்குள்ள பிள்ளைகளுக்கு அது புனலைவிட அந்நியம்.

கோலாலம்பூர், பங்சார், பயிற்சி ஆலோசகர்

ஐயா, ‘நாள்குறிப்பு’ என்றதும் குறித்தவர் காணாமல் போய்விட்டாரே! நாட்குறிப்பு என்றும் படித்துவிடுவார்கள். ‘இசைவு’ என்றால் யாருடைய இசைவு? அகராதியில் உங்கள் பெயர்ச்சொற்கள் இருக்கட்டும், தாளின் தலைப்பில் வினைமுற்றே இருக்கட்டும். ‘மீள்வரவு’ அழகாக இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பினாங்கிலிருந்து, தர ஆலோசகர்

தாளில் ‘பணிவரத்து’ என்று போட்டுவிட்டேன். அத்தை மகள் இம்முறை சிரிக்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ஐஎஸ்ஓ சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. அதனால் வேலை முடியும் நாளிலேயே அடுத்து எப்போது என் உதவி தேவைப்படும் என்பது தெரியும். தணிக்கைக்கு இரண்டு மாதம் முன்பு நானே பழைய வாடிக்கையாளரை அழைக்கிறேன். அவர் அழைக்கவில்லையே, அதை எப்படி ‘மீண்டும் அழைத்தார்’ என்பது?

கோலாலம்பூர், பங்சார், பயிற்சி ஆலோசகர்

சொல்லக்கூடாது. நீங்கள் அழைக்கப்போவது உங்கள் வேலைப் பட்டியலில் ஒரு தேதி, அவ்வளவுதான். அவர் எடுத்து, இந்த ஆண்டு என்ன மாறியிருக்கிறது என்று சொன்னால் ‘தேவை சொன்னார்’ கட்டத்தில் நேராக நுழைவார். முதல் கட்டத்தை அவர் மறுபடி கடக்க வேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் ‘மீள்வரவு’ ஐந்தாவது நிலையே அன்று, வந்தவர் எந்த வழியாக வந்தார் என்ற குறிப்பு. என் தாளையும் இப்போது திருத்த வேண்டும் போலிருக்கிறது.

கோலாலம்பூர், எரிவாயுத் துறைப் பொறியாளர்

இப்போதுதான் விளங்கியது. பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வு உங்கள் வரத்தில் இல்லையா?